ஒரு முறை பார்த்த படம் எங்கே போகிறது?

வாட்ஸ்அப்பில் '1' என்ற வட்டத்தைத் தட்டி அனுப்பும் படமும் குரலும் திறந்ததும் மறைந்துவிடும் என்று நம்புகிறோம். போனுக்குள்ளும் சர்வரிலும் பெற்றவர் கையிலும் உண்மையில் என்ன மிஞ்சுகிறது? டெல்லியை உலுக்கிய ஒரு ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து தொடங்குகிறது இந்தக் கட்டுரை.

2020 மே 3, ஞாயிற்றுக்கிழமை. ஊரடங்கில் டெல்லியின் சாலைகள் காலியாகக் கிடந்தன. பள்ளிகள் மூடியிருந்தன. பிள்ளைகளின் உலகம் முழுக்கப் போன் திரைக்குள் ஒடுங்கியிருந்தது. அன்று தெற்கு டெல்லியைச் சேர்ந்த ஒரு மாணவி இன்ஸ்டாகிராமில் சில ஸ்கிரீன்ஷாட்களைப் போட்டார். 'பாய்ஸ் லாக்கர் ரூம்' என்ற பெயரில் பள்ளி மாணவர்கள் நடத்திய குழுவில் எடுத்தவை அவை. தங்களுக்குத் தெரிந்த சிறுமிகளின் படங்களை அங்கே பகிர்ந்து, வாய்க்கு வந்தபடி பேசியிருந்தார்கள்.

மறுநாள் டெல்லி மகளிர் ஆணையம் காவல் துறைக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. சைபர் பிரிவு வழக்குப் பதிந்தது. 15 வயதுச் சிறுவன் ஒருவன் பிடிபட்டான். குழுவை நடத்திய 18 வயது மாணவர் கைதானார்.

அதே நாட்களில் இன்னொரு ஸ்கிரீன்ஷாட்டும் போனுக்குப் போன் தாவிக்கொண்டிருந்தது. அது முதலாவதைவிடக் கொடூரம். ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்யலாம் என்று ஒருவன் இன்னொருவனிடம் யோசனை சொல்கிறான். அதுவும் அந்தக் குழுவில் நடந்த பேச்சுதான் என்று நாடே நம்பியது. செய்திச் சேனல்களும் அப்படியே பேசின.

மே 10 அன்று டெல்லி காவல் துறையின் சைபர் பிரிவுத் துணை ஆணையர் அன்யேஷ் ராய் விசாரணையில் தெரியவந்ததை அறிவித்தார். இரண்டாவது உரையாடல் இன்ஸ்டாகிராமில் நடந்ததே அல்ல. அது ஸ்னாப்சாட்டில் இரண்டே பேருக்கு இடையில் நடந்தது. 'சித்தார்த்' என்ற ஆண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி அப்படி எழுதியது ஒரு சிறுமி. தனக்குத் தெரிந்த ஒரு பையனின் குணத்தைச் சோதித்துப் பார்க்க, தன்னைப் பற்றியே அப்படியொரு திட்டத்தை அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவன் மறுத்தான், பேச்சை முறித்தான். எச்சரிக்கையாக ஸ்கிரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கும், அந்தச் சிறுமிக்குமே அனுப்பினான். நண்பர்களில் ஒருவர் அதை இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட்டார். மீதியை ஊர் பார்த்துக்கொண்டது.

மறைவதற்கென்றே வந்த செயலி

ஸ்னாப்சாட் 2011இல் வந்தபோது அதன் கவர்ச்சியே 'பார்த்ததும் மறையும்' என்பதுதான். அப்படிப்பட்ட இடத்தில் நடந்த பேச்சுதான் வெளியே வந்து நாட்டின் தலைப்புச் செய்தி ஆனது. எந்த ஹேக்கரும் தேவைப்படவில்லை. பெற்றவர் தன் போனில் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார், அவ்வளவுதான். ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்பட்டால் ஸ்னாப்சாட் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். தகவல் போய்ச் சேரும்போது படம் எடுத்தாகியிருக்கும்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. மிஞ்சிய ஸ்கிரீன்ஷாட் உண்மையைச் சொல்லவில்லை. எழுதியது யார், எந்தச் செயலியில், என்ன நோக்கத்தில் என்பதெல்லாம் அந்தப் படத்துக்குள் இல்லை. போலீசார் கணக்குகளையும் போன்களையும் தேடிப் போய் ஆட்களை விசாரித்த பிறகே அது தெரிந்தது. மறையும் செய்தியில் முழு உரையாடலும் மிஞ்சாது. ஒரு துண்டுதான் மிஞ்சும், அதுவும் எடுத்தவர் தேர்ந்தெடுத்த துண்டு.

இன்று அந்த வசதி ஸ்னாப்சாட்டோடு நிற்கவில்லை. வாட்ஸ்அப் 2021 ஆகஸ்டில் 'ஒரு முறை மட்டும்' என்ற வசதியைப் படங்களுக்கும் வீடியோக்களுக்கும் கொடுத்தது. 2023 டிசம்பரில் குரல் பதிவுகளுக்கும் அது வந்தது. படத்தை அனுப்பும் முன் '1' என்ற வட்டத்தைத் தட்டினால் போதும். பெற்றவரால் அதைச் சேமிக்கவோ, பிறருக்கு அனுப்பவோ, நட்சத்திரம் போட்டு வைக்கவோ முடியாது. திறந்து மூடியதும் 'Opened' என்ற சொல் மட்டும் சாட்டில் நிற்கும்.

ஒரு ஆதார் அட்டையின் பயணம்

இந்த வசதி என்றாலே அந்தரங்கப் படங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். டெல்லியில் அது அதிகம் பயன்படக்கூடிய ஒரு சாதாரண இடம் வாடகை வீடு. வாடகைக்கு வருபவரின் விவரத்தை வீட்டுக்காரர் போலீசில் பதிய வேண்டும் என்பதால் ஆதார் நகல் கேட்காத புரோக்கர் இங்கே இல்லை.

திருநெல்வேலியிலிருந்து யுபிஎஸ்சி பயிற்சிக்கு வந்த ஒரு பெண், ஓல்டு ராஜிந்தர் நகரில் அறை தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். புரோக்கர் ஆதார் அனுப்பச் சொல்கிறார். அவளுக்குத் தயக்கம். '1' போட்டு அனுப்பிவிடுகிறாள். இனி அந்தப் படம் எங்கெல்லாம் போகிறது என்று பார்ப்போம்.

முதல் இடம் அவளுடைய போனே. கேலரியில் இருந்த படத்தைத்தான் அவள் தேர்ந்தெடுத்து அனுப்பினாள். மூலப்படம் கேலரியில் அப்படியே இருக்கிறது. கூகுள் போட்டோஸ் தானாகப் பிரதி எடுக்கும்படி அமைத்திருந்தால் அங்கேயும் ஒன்று இருக்கும். அதை அவள் அழித்தாலும் குப்பைத்தொட்டியில் 60 நாள் வரை கிடக்கும். 'ஒரு முறை' என்ற நிபந்தனை அனுப்பப்பட்ட பிரதிக்கு மட்டும்தான்.

அனுப்பு என்று தட்டியதும் அவளுடைய போன் அந்த ஒரு படத்துக்கென்றே புதிதாக ஒரு சாவியை உருவாக்குகிறது. படத்தை அந்தச் சாவியால் பூட்டி, பூட்டிய கோப்பை வாட்ஸ்அப் சர்வரில் ஏற்றுகிறது. சாவி தனியாக, செய்திக்குள் மறைந்து, புரோக்கரின் போனுக்குப் போகிறது. சர்வரில் பூட்டிய கோப்பு சில வாரங்கள் வரை இருக்கலாம் என்று வாட்ஸ்அப்பே சொல்கிறது. ஆனால் சாவி நிறுவனத்திடம் இல்லை. சாவி இல்லாத அந்தக் கோப்பை யார் எடுத்தாலும் வெறும் எழுத்துக் குப்பைதான் கிடைக்கும்.

புரோக்கரின் போன் கோப்பை இறக்குகிறது, சாவியால் திறக்கிறது, திரையில் காட்டுகிறது. அவர் மூடியதும் செயலி அந்தக் கோப்பை அழிக்கிறது. அவர் திறக்கவே இல்லை என்றால் 14 நாளில் அது காலாவதியாகும். அந்த இடைவெளியில் அவர் போனில் வாட்ஸ்அப் பேக்கப் ஓடினால் திறக்காத படம் அதில் சேர்ந்துகொள்ளும். பேக்கப்பை மீட்டால் படமும் மீளும். திறந்து பார்த்த படம் பேக்கப்பில் சேராது.

இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆனால் அந்தச் சில விநாடிகளில் புரோக்கரின் மேசையில் இன்னொரு போன் இருந்தால்? 2022இலிருந்து 'ஒரு முறை' படங்களை வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. ஆண்ட்ராய்டில் இதற்கென்றே `FLAG_SECURE` என்ற குறி உண்டு; ஒரு செயலி அதைப் போட்டுவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டும் திரைப்பதிவும் தடைபடும். அந்தத் தடை அதே போனுக்குள் மட்டும்தான். எதிரே பிடித்த கேமராவை எந்தக் குறியும் தடுக்காது. அப்படி யாராவது எடுத்தால் அவளுக்குத் தகவலும் வராது. கம்பெனியின் உதவிப் பக்கமே இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறது: நம்பிக்கையானவர்களுக்கு மட்டும் அனுப்புங்கள், வேறு கருவியால் படம் எடுத்துவிட முடியும் என்று.

அவளுக்கு இதைவிட நல்ல வழி இருந்தது. ஆதார் ஆணையமே 'மறைக்கப்பட்ட ஆதார்' தருகிறது. 12 இலக்கங்களில் முதல் எட்டு மறைந்திருக்கும், கடைசி நான்கு மட்டும் தெரியும். அந்த அட்டையின் நகல் புரோக்கரின் மேசையில் பத்து வருடம் கிடந்தாலும் முழு எண் அவரிடம் இருக்காது.

---

பெட்டிச் செய்தி: எங்கே என்ன மிஞ்சும்?

அனுப்பியவர் போன்: கேலரியிலிருந்து அனுப்பியிருந்தால் மூலப்படம் அங்கேயே இருக்கும். சாட்டில் இருந்து மீண்டும் திறந்து பார்க்க முடியாது. குரல் பதிவும் அப்படியே.

சர்வர்: பூட்டிய கோப்பு, சில வாரங்கள் வரை. சாவி கிடையாது.

பெற்றவர் போன், திறக்கும் முன்: 14 நாள் வரை உயிரோடு இருக்கும். பேக்கப்பிலும் சேரலாம்.

பெற்றவர் போன், திறந்த பின்: படம் இருக்காது. யார், எப்போது, எந்த வகைச் செய்தி என்ற குறிப்பு இருக்கும்.

பெற்றவர் கை: இன்னொரு போன் இருந்தால், எல்லாமே.

---

அழிக்க வேண்டியது யார்?

மேலே சொன்ன பயணத்தில் ஒரு வரியைத் திரும்பப் படித்தால் மொத்த விஷயமும் விளங்கும்: 'அவர் மூடியதும் செயலி அந்தக் கோப்பை அழிக்கிறது.' அழிப்பது சர்வரோ அனுப்பியவரின் போனோ அல்ல, பெற்றவரின் போனில் ஓடும் செயலி. படமும் அவரிடம், சாவியும் அவரிடம். கடிதத்தின் அடியில் 'படித்ததும் கிழித்துவிடவும்' என்று எழுதி அனுப்புவது போலத்தான் இது. கிழிப்பதும் கிழிக்காததும் படிப்பவர் கையில் இருக்கிறது.

இதை 2024 செப்டம்பரில் ஆதாரத்தோடு காட்டினார்கள் ஜெங்கோ என்ற கிரிப்டோ வாலட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள். அந்தக் குழுவின் டால் பீரி வெளியிட்ட விவரம் எளிமையானது. 'ஒரு முறை' படம் என்பது வாட்ஸ்அப்பின் கண்ணுக்குச் சாதாரணப் படச் செய்திதான். அதோடு `viewOnce` என்ற ஒரே ஒரு குறி கூடுதலாகப் போகிறது, மதிப்பு `true` என்று. பெற்றவரின் செயலி அந்தக் குறியைப் பார்த்து நடந்துகொள்கிறது. குறியை `false` என்று மாற்றிவிட்டால் அது வழக்கமான படம் ஆகிவிடும், சேமிக்கலாம், அனுப்பலாம்.

அந்தக் குறியை மாற்ற எங்கே இடம் கிடைத்தது? கணினி பிரவுசரில் ஓடும் வாட்ஸ்அப்பில். அங்கே 'ஒரு முறை' படங்களைத் திறக்க முடியாது, போனில் பார்க்கவும் என்றுதான் வரும். ஆனால் திறக்கக்கூடாத அந்தக் கருவிக்கும் செய்தி முழுசாகப் போய்க்கொண்டிருந்தது. காட்டாமல் விட்டது மட்டுமே பாதுகாப்பு. பிரவுசரில் சேர்க்கும் குட்டி நிரல்கள் சில இதை முன்பே பயன்படுத்திக்கொண்டிருந்தன என்பதையும் ஆய்வாளர்கள் கண்டார்கள். வாட்ஸ்அப் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. அது போதவில்லை என்று அதே ஆய்வாளர்கள் மறுபடி காட்டினார்கள். பிறகுதான் ஓட்டை ஒழுங்காக அடைபட்டது.

அடுத்த ஆண்டு ஜனவரியில் ஐபோனில் இன்னொரு ஓட்டை வெளியானது. திறந்து மூடிய படத்தை, செயலியின் அமைப்புகளுக்குள் போய்ச் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பகுதியில் மறுபடி பார்க்க முடிந்தது. அதாவது சாட் திரை 'மறைந்துவிட்டது' என்று சொன்ன படம் போனுக்குள் இருந்தது. அதையும் திருத்தினார்கள்.

இந்த வரலாறு வாட்ஸ்அப்போடு தொடங்கியதும் அல்ல. 2013இல் அமெரிக்காவில் ஒரு தடய ஆய்வாளர் ஆண்ட்ராய்டு போனில் ஸ்னாப்சாட் படங்கள் அழியாமல் கிடப்பதைக் கண்டார். கோப்பின் பெயரோடு `.nomedia` என்ற வாலை ஒட்டி, கேலரி கண்ணில் படாமல் வைத்திருந்தது செயலி. வாலை வெட்டினால் படம் வந்துவிடும். 2014இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம், மறையும் என்று வாக்களித்து மக்களை ஏமாற்றியதாக ஸ்னாப்சாட் மீது குற்றம் சாட்டியது. அந்த வழக்கின் உடன்பாட்டில் 20 ஆண்டுகள் வெளியார் தணிக்கைக்கு நிறுவனம் ஒத்துக்கொண்டது.

ஓட்டைகள் அடைபடும், புதியவை வரும். அடைக்கவே முடியாத ஒன்றும் உண்டு. வாட்ஸ்அப் போலவே தோற்றமளிக்கும், வேறு ஆட்கள் மாற்றி எழுதிய போலிச் செயலிகள் இந்தியாவில் ஏராளமாகப் புழங்குகின்றன. 'ஜிபி வாட்ஸ்அப்' வகையறாக்களை இணையத்தில் இறக்கி ஏற்றிக்கொள்பவர்கள் உண்டு. 'ஒரு முறை' படத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதையே விளம்பரமாகச் சொல்லும் பதிப்புகள் அவற்றில் இருக்கின்றன. எதிராளி எந்தச் செயலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை உங்கள் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. அவர் பக்கம் படம் நிற்க, உங்கள் பக்கம் எல்லாம் ஒழுங்காக நடந்தது போலவே தெரியும்.

அழித்ததை மீட்க முடியுமா?

'அழிந்த வாட்ஸ்அப் படங்களை மீட்டுத் தருகிறோம்' என்ற விளம்பரம் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும். பழைய காலத்து மெமரி கார்டில் அது நடக்கும். கோப்பை அழித்தால் அதன் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து போகும். உள்ளடக்கம் அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். அதைத் தோண்டி எடுத்தார்கள்.

இன்றைய போன்களில் நிலைமை வேறு. ஆண்ட்ராய்டு 10 முதல் புதுப் போன்களில் சேமிப்பிடம் பூட்டப்பட்டிருப்பது கட்டாயம். ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனிச் சாவி. ஐபோனிலும் அப்படித்தான். கோப்பு அழியும்போது சாவிக்கான தடமும் போய்விடும். சிப்பிலிருந்து எச்சத்தைச் சுரண்டி எடுத்தாலும் படிக்க முடியாது. ஆக, ஒழுங்கான செயலியில், ஒழுங்காகத் திறந்து மூடிய படம் கடைக்காரர் கையில் மீள்வது ஏறக்குறைய நடக்காத காரியம். மீட்டுவிட்டோம் என்று யாராவது காட்டினால் அது பெரும்பாலும் பேக்கப்பிலிருந்தோ கேலரியிலிருந்தோ வந்த படமாகத்தான் இருக்கும்.

படம் போய்விடும், பதிவு போகாது. சாட்டில் 'Opened' என்ற குமிழி நிற்கிறதே, அதுவே அத்தாட்சி. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் தன் செய்திகளை `msgstore.db` என்ற தரவுக் கோப்பில் வரிசையாக எழுதி வைக்கிறது. எந்த எண்ணிலிருந்து, எந்த நேரத்தில், என்ன வகைச் செய்தி என்ற வரி அதில் இருக்கும். தடய ஆய்வாளர்கள் போனைக் கையில் வாங்கியதும் முதலில் தேடுவது அதைத்தான். என்ன படம் என்று அந்த வரி சொல்லாது. இன்ன நாள் இரவு 11.40க்கு இன்னார் ஒரு முறை மட்டும் பார்க்கும் படம் அனுப்பினார் என்பதைச் சொல்லும். பல வழக்குகளில் அதற்கே மதிப்பு உண்டு. பதற்றத்தில் சாட்டையே அழித்துவிடுபவர்கள் கையில் இருக்கும் அந்தக் கடைசித் தடயத்தையும் தொலைத்துவிடுகிறார்கள்.

குரலுக்குத் திரையே தேவையில்லை

படத்துக்காவது ஸ்கிரீன்ஷாட் தடை இருக்கிறது. குரல் காற்றில் வருகிறது. ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அருகில் இன்னொரு போனின் ரெக்கார்டரை ஓட விட்டால் முடிந்தது. கேமராவால் திரையைப் பிடித்தால் வளைந்தும் மங்கியும் வரும். குரல் பதிவோ கேட்கும் தரத்திலேயே வந்துவிடும்.

அதனால் அனுப்புபவருக்குக் குரலில் பாதுகாப்பு மிகக் குறைவு. ஆனால் இதைத் தலைகீழாகப் பயன்படுத்துபவர்களும் உண்டு. எழுத்தில் மிரட்டினால் ஆதாரம் இருக்கும் என்று தெரிந்தவர், '1' போட்ட குரல் பதிவில் மிரட்டுவார். பயந்து உடனே கேட்பவர் ஒரு முறை கேட்பார். பிறகு அவரிடம் மிஞ்சுவது நேரமும் எண்ணும் மட்டுமே. என்ன சொன்னார் என்று கேட்டால் தன் நினைவிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

இப்படியொரு சந்தேகத்துக்குரிய பதிவு வந்தால் திறக்காமல் வைப்பதே முதல் காரியம். திறக்காத வரை அது 14 நாள் உயிரோடு இருக்கும். அதற்குள், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டாவது போனில் வீடியோ எடுத்தபடி திறக்கலாம். வீடியோ சாட் பட்டியலிலிருந்தே தொடங்க வேண்டும். அனுப்பியவரின் எண், தேதி, நேரம் தெரிய வேண்டும். பிறகு பதிவைத் தட்டி, முடியும் வரை நிறுத்தாமல் எடுக்க வேண்டும். வெட்டித் தொகுத்த வீடியோவைவிட நீளமாக, அலுப்பாக இருக்கும் முழு வீடியோவுக்கு நீதிமன்றத்தில் மதிப்பு அதிகம்.

சாட்சி யாரிடம்?

சட்டத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் மின்னணு ஆதாரங்களுக்கு பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு பொருந்துகிறது. ஸ்கிரீன்ஷாட்டையோ வீடியோவையோ நகலாகக் கொடுத்தால் கூடவே ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவியில் பதிவானது என்பதும், கோப்பின் 'ஹாஷ்' எண்ணும் அதில் இருக்கும். ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் நீண்ட எண். ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று பழைய சட்டத்தின் கீழேயே 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூலக் கருவியையே நீதிமன்றத்தில் காட்டினால் மட்டும் விலக்கு.

அதனால் ஸ்கிரீன்ஷாட்டை நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி அங்கிருந்து எடுத்துக் கொடுப்பது நல்லதல்ல. அனுப்பும்போது செயலி படத்தைச் சுருக்கும், ஹாஷ் மாறும். எடுத்த போனை அப்படியே வைத்திருப்பதுதான் ஆதாரம். 2020இல் வைரலான ஸ்கிரீன்ஷாட் ஏன் அத்தனை குழப்பத்தை உண்டாக்கியது என்பது இப்போது புரியும். அது எந்தப் போனில் பிறந்தது என்பதைப் பார்ப்பதற்கு முன்பே ஆயிரக்கணக்கான போன்களைக் கடந்திருந்தது.

கம்பெனியிடம் கேட்டு வாங்க முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். யார் கணக்கு, என்ன எண் போன்ற விவரங்களைப் போலீசார் முறைப்படி கேட்கலாம். படத்தையே கேட்டால் பூட்டிய கோப்புக்குச் சாவி இல்லை என்பதுதான் பதில். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள், ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று சொல்லும்படி கேட்கின்றன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவில் தொடர முடியாது என்று 2024 ஏப்ரலில் அங்கே வாதிட்டது. படம் நிறுவனத்திடம் இல்லை என்பதற்கு ஒரு விலக்கு உண்டு: பெற்றவர் 'ஒரு முறை' செய்தியைப் புகார் செய்தால் அந்தப் படம் வாட்ஸ்அப்பிடம் போகும். அதற்கான தெரிவு படத்தைத் திறந்து வைத்திருக்கும்போது மெனுவில் இருக்கிறது.

அந்தரங்கப் படம் பரப்பப்பட்டால்? இங்கேதான் இந்த வசதியின் மிகக் கசப்பான விளைவு வெளிப்படுகிறது. அனுப்பிய பெண் சாட்டில் தன் படத்தை மறுபடி திறக்க முடியாது. செயலியின் கேமராவிலேயே எடுத்து '1' போட்டு அனுப்பியிருந்தால் அவளிடம் பிரதியே இல்லாமல் போகலாம். ஏமாற்றியவனிடமோ இருக்கிறது. அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க 2021 முதல் இயங்கும் ஸ்டாப்என்சிஐஐ என்ற ஏற்பாடு, படத்தை வாங்காமல் அதன் ஹாஷை மட்டும் வாங்கிச் சமூக ஊடகங்களிடம் கொடுக்கிறது. அந்த ஹாஷை உண்டாக்க, படம் பாதிக்கப்பட்டவரின் கருவியில் இருக்க வேண்டும். பாதுகாப்புக்காகப் பிரதி வைக்காதவருக்கு அந்தக் கதவு சுலபமாகத் திறப்பதில்லை.

சட்டம் அவள் பக்கம் இருக்கிறது என்பது ஆறுதல். அந்தரங்கப் பகுதியின் படத்தைச் சம்மதமில்லாமல் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது: படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதை மூன்றாம் ஆளுக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்பியது குற்றமே. 'நீதானே அனுப்பினாய்' என்ற வாய்ப்பேச்சுக்கு அங்கே இடம் குறைவு. இன்னும் ஒன்று: சாட்டில் நிற்கும் அந்த '1' குறி, ஒருவர் ஒரு முறை பார்க்க மட்டுமே அவள் அனுப்பினாள் என்பதைத் தேதி நேரத்தோடு சொல்கிறது. படத்தைத் தடுக்க முடியாத குறி, அவளுடைய சம்மதத்தின் எல்லை எது என்று வாதிட உதவும். அதற்காகவாவது சாட்டை அழிக்காமல் வைக்க வேண்டும்.

---

பெட்டிச் செய்தி: படம் வெளியே போய்விட்டது என்று தெரிந்தால்

சாட்டை அழிக்காதீர்கள். எதிராளியை உடனே பிளாக் செய்யும் முன், எண்ணும் பெயரும் 'Opened' குறிகளும் தெரியும்படி இரண்டாவது போனில் முழுச் சாட்டையும் வீடியோ எடுங்கள்.

படம் வந்த பக்கத்தின் முழு முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது.

`cybercrime.gov.in` தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்குத் தனிப் பகுதி உண்டு. பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம்.

படம் வெளியான தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் எழுதுங்கள். 2021இல் வந்தபோதே விதிகள் இத்தகைய படத்தை நீக்க 24 மணி நேரம்தான் கொடுத்தன. புகாரைப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ செய்யலாம்.

மிரட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்ததால் படம் அழியாது. அடுத்த தொகை கேட்பார்கள்.

பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம் பொருந்தும். அந்தப் படத்தை ஆதாரத்துக்கென்று உறவினர்களுக்கு அனுப்புவதும் குற்றமாகலாம். போனையே போலீசாரிடம் காட்டுங்கள்.

---

எதற்குப் பயன்படுத்தலாம்?

இவ்வளவு சொன்ன பிறகு இந்த வசதி வீண் என்று நினைக்க வேண்டியதில்லை. அது ஒரு காரியத்தை நன்றாகவே செய்கிறது. நல்லவர் ஒருவரின் போனில் உங்கள் படம் வருடக்கணக்கில் கிடப்பதைத் தடுக்கிறது. பிற்பாடு அந்தப் போன் தொலையலாம், ரிப்பேர் கடைக்குப் போகலாம், பேக்கப் வேறொருவர் கையில் சிக்கலாம். அப்போது அந்தப் படம் அங்கே இருக்காது. பெற்றவரின் கவனக்குறைவிலிருந்து காக்கும். பெற்றவரின் கெட்ட எண்ணத்திலிருந்து காக்காது.

எனவே '1' தட்டும் முன் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி போதும்: இது வெளியே போனால் நாளை என்னால் மாற்ற முடியுமா? வீட்டு வைஃபை கடவுச்சொல்லை ஊரிலிருந்து வந்த மச்சானுக்குத் தாராளமாக அனுப்பலாம், கசிந்தால் மாற்றிவிடலாம். ஏடிஎம் கார்டை முடக்கிப் புதிது வாங்கலாம், அலைச்சல்தான். ஆதார் எண், முகம், உடல், குரல் ஆகியவற்றுக்குப் புதிது கிடையாது. அவற்றை அனுப்பும்போது '1' போட்டாலும் போடாவிட்டாலும், பெறுபவர் அதை வைத்துக்கொள்வார் என்றே எண்ணி முடிவெடுங்கள்.